கருவுற்ற தாயின் மலச்சிக்கல்

கருவுற்ற பெண்களுக்கு நேரும் இடர்களுள் வெளியே சொல்லக் கூசும் இடர் ஒன்று உண்டு. மலச்சிக்கலும் அதனோடு கூடிவரும் வயிற்றுப் பொருமலுமே அது. மறைத்து வைக்கப்படுவதனால் அது சில வேளைகளில் தவறான மருந்துக்கு வழியாகிவிடுகின்றது.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பாணும் தேநீரும், மதியம் வெள்ளைச் சோறும் மீன் குழம்பும், இரவில் கோதுமை மா இடியப்பமும் அவளுடைய உணவு. கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையை விழுங்கத் தொடங்கியபின், நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் மலம் கழிகின்றது. அதுவும் கல்லைப்போல் இறுகி வருகின்றது. அயலார் சொற்கேட்டு அவள் மூன்று வேளையும் குரக்கனும் கீரையுமாக உண்ணத் தொடங்கினாள். வயிறு முன்னிலும் பொருமிற்று. கடைசியில் ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டாள். மாமியாரோ ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்தார். அன்று வீட்டுக்கு வந்த மருத்துவமாது இரண்டையும் தடுத்தார்.

இந்தச் சிக்கல் எவ்வாறு எழுகின்றது? கருவைக் காக்கும் புரொஜெஸ்தெரோன் என்னும் ஓமோன் கருப்பையின் தசையைத் தளர்த்துகின்றது. குடலின் தசையும் அதனுடன் தளர்கின்றது. ஆகவே உணவின் கழிவு பெருங்குடலில் நெடுநேரம் தங்குகின்றது. தங்கத் தங்கப் பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்வதால் மலம் இறுகுகின்றது. வளரும் கருப்பையின் அழுத்தமும் இரும்புச்சத்துக் குளிசையும் இதனை மேலும் வலுப்படுத்துகின்றன.

நார்ச்சத்து நீரைத் தன்னுள் பிடித்து வைத்து மலத்தை மென்மையாக்குவது. நீர் இல்லாதபோது அதே நார் குடலில் சுமையாகக் கிடக்கும். குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கச் செய்து வாயுவை உண்டாக்குவதனால், திடீரென்று நாரைக் கூட்டினால் பொருமலும் கூடும். அந்தப் பெண் செய்த தவறு இதுவே. நாரைக் கூட்டினாள், நீரைக் கூட்டவில்லை, படிப்படியாகவும் செய்யவில்லை.

மருத்துவமாது சொன்ன முறை எளியது. “பிள்ளை, முதல் வாரம் பாணை மட்டும் விட்டுத் தவிட்டரிசிச் சோறு அல்லது குரக்கன் பிட்டுச் சாப்பிடு. அடுத்த வாரம் மதியச் சோற்றோடு கீரையோ பயிற்றங்காயோ ஒரு கறி சேர். நாள்தோறும் எட்டு முதல் பத்துக் குவளை தண்ணீர் குடி. காலை உணவுக்குப் பின் குடல் தானாக அசையும். அந்த வேளையில் முக்காமல் சற்று நேரம் இருந்து பார். குளிசையை நீயாக நிறுத்தாதே. இரத்தக் குறைவோடு பிள்ளை பெற்றால், பிரசவத்தில் இரத்தம் போகும்போது உடல் தாங்காது. குளிசை ஒத்துவரவில்லை என்று வைத்தியரிடம் சொன்னால் அவர் அளவையோ வகையையோ மாற்றித் தருவார்.”

இவற்றால் குணம் காணாவிடின், வைத்தியரைக் கேட்டு மென்மையான மருந்துகளை நாடலாம். முதலாவது இசப்கோல் என்னும் விதையின் உமி. ஒரு தேக்கரண்டி உமியை ஒரு முழுக் குவளை நீரில் கலக்கி உடனே குடித்து, மேலும் ஒரு குவளை நீர் அருந்துதல் வேண்டும். நீர் குறைந்தால் அது தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளக்கூடும். பயன் தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். குளிசைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. அடுத்தவை லக்ருலோஸ் பாணியும் மக்ரோகோல் தூளும். இவை குடலில் நீரைத் தேக்கி மலத்தை இளக்குவன. இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்வன. லக்ருலோஸ் தொடக்கத்தில் வாயுவை உண்டாக்குவதால், பொருமல் மிகுந்தவர்களுக்கு மக்ரோகோல் ஏற்றதாகலாம். குடலைத் தூண்டி இயக்கும் நிலாவரை போன்றவை, வைத்தியர் சொன்னால் மட்டும் சில நாட்களுக்கு உரியவை.

ஆமணக்கெண்ணெய் இந்த வரிசையில் சேராது. அது கடும் பேதியை உண்டாக்குவதோடு கருப்பையையும் சுருங்கத் தூண்டக்கூடும். ஆறாம் மாதத்தில் அத்தகைய சுருக்கம் பிள்ளைக்கு ஆபத்தாகும். கனிய எண்ணெயாகிய திரவப் பரபினும், நெடுநாள் உட்கொண்டால், கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும்.

மலத்தில் இரத்தம் காணப்பட்டாலும், வாந்தியோடு வாயுவும் பிரியாமல் வயிறு உப்பினாலும், வலி விட்டுவிட்டு வந்தாலும், அது மலச்சிக்கல்தான் என்று வீட்டில் இருத்தல் கூடாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

அந்தப் பெண் இரண்டு வாரம் உணவையும் நீரையும் சீர்செய்து, வைத்தியர் சொன்னபடி இசப்கோலும் எடுத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருத்தமின்றி மலம் கழிந்தது, பொருமலும் தணிந்தது. குளிசையும் மீண்டும் தொடங்கிற்று. ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை மாமியாரே அலுமாரியின் மேற்தட்டில் வைத்துவிட்டார்.