மழை பெய்யாத நாளும் ஒரு நாள்தான்

போன எபிசோட்ல ரிப்போர்ட் தானாவே தயாராகி மெயில்ல போற மாதிரி செட் பண்றதைப் பேசினோம். இன்னைக்கு, அந்த ரிப்போர்ட் எர்ரர் எதுவும் காட்டாமலே தப்பான சராசரியை அனுப்புற ஒரு இடத்தைப் பார்ப்போம். டேட்டாவுல இல்லாத நாட்கள்.

நம்ம ஊர் மழையையே எடுத்துக்கலாம். திருச்சி மாவட்டத்துல பொன்மலை, சமயபுரம், லால்குடி, விமான நிலையம்னு பல இடங்கள்ல மழைமானி இருக்கு. காலை 8.30 மணிக்கு முடியுற 24 மணி நேர மழையை அளந்து பட்டியலா தருவாங்க. செய்திகள்ல வரும்போது பெரும்பாலும் மழை பெய்த இடங்களோட பேர் மட்டும்தான் இருக்கும். பெய்யலைன்னா '0'ன்னு போட மாட்டாங்க, பேரே வராது. அதை அப்படியே ஃபைல்ல சேர்த்தா, காய்ஞ்ச நாளுக்கு வரியே இருக்காது.

கணக்குக்காக நானே போட்ட எண்களைச் சொல்றேன். அக்டோபர்ல பொன்மலைக்கு 9 வரிகள், மொத்தம் 180 மி.மீ. சராசரி கேட்டா, கம்ப்யூட்டர் 180-ஐ 9-ஆல வகுத்து ஒரு நாளைக்கு 20 மி.மீ.ன்னு சொல்லும். மாசத்துக்கு 31 நாள் ஆச்சே! சார்ட்டும் அப்படித்தான். 4-ம் தேதிப் புள்ளியையும் 12-ம் தேதிப் புள்ளியையும் ஒரு கோடு இழுத்துச் சேர்க்கும். பார்க்கிறவங்க நடுவுல தினமும் மழை பெய்ததா நினைப்பாங்க. ஏழு நாள் சராசரி கேட்டா, ஏழு வரியை எடுக்கும். அந்த ஏழு வரி மூணு வாரத்துல பரவிக் கிடக்கலாம்.

அதனால முதல் வேலை, முழு காலண்டரை உருவாக்கி அதுல டேட்டாவைப் பொருத்துறது.

```python
days = pd.date_range("2024-10-01", "2024-10-31")
s = s.reindex(days)
```

`asfreq("D")` போட்டாலும் இடைவெளி நிரம்பும். ஆனா அது முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவுல மட்டும்தான். 3-ம் தேதிதான் முதல் மழைன்னா, 1-ம் 2-ம் காணாமலே போயிடும். எந்த வழியானாலும் ஒரே தேதி ரெண்டு தடவை இருந்தா எர்ரர் வரும், முதல்ல அதைச் சரி பண்ணிக்கோங்க.

இப்போ 22 வெற்று நாட்கள் தெரியுது. எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டுடலாமா? கூடாது. அன்னைக்குப் பட்டியல் வந்து அதுல பொன்மலை மட்டும் இல்லைன்னா, பூஜ்யம்னு எடுத்துக்கலாம். பட்டியலே வரலைன்னா, நமக்குத் தெரியாது. அதனால பட்டியல் வந்ததா இல்லையான்னு `came`-னு தனியா ஒரு குறிப்பு வெச்சுக்கணும்.

```python
s[came & s.isna()] = 0
```

20 நாள் பூஜ்யம் ஆச்சு, 2 நாள் வெற்றாவே இருக்கட்டும். 180-ஐ 29-ஆல வகுத்தா 6.2 மி.மீ. ரிப்போர்ட்ல பக்கத்துலயே '31-ல் 29 நாள்'னு போடுங்க. மொத்தத்துலயும் கவனம். `sum()` வெற்று நாளைச் சத்தமில்லாம பூஜ்யமா எடுத்துக்கும். அதனால '180'ன்னு போடாம 'குறைந்தது 180'ன்னு எழுதுங்க.

அந்த ரெண்டு நாளுக்கு முன்பின் நாளோட சராசரியைப் போடலாமேன்னு தோணும். மழை அப்படிப் படிப்படியா ஏறி இறங்காது. இன்னைக்கு 40, நாளைக்கு ஒண்ணுமில்லை.

இன்னொரு சிக்கல். சனி, ஞாயிறு அளக்காம, திங்கள்கிழமை 72 மி.மீ.ன்னு வரும். அது மூணு நாள் தண்ணி. வானிலைத் துறை கணக்குல ஒரே நாள்ல 64.5 மி.மீ.க்கு மேல போனா கனமழை. உங்க ரிப்போர்ட் பெய்யாத கனமழையை அறிவிச்சிடும். வார இறுதி வெற்று, அடுத்த நாள் பெரிய எண், அக்கம்பக்கத்துல சனிக்கிழமையே மழை. இதுதான் அடையாளம். மாச மொத்தத்துல அந்த 72-ஐ வெச்சுக்கோங்க, 'அதிகபட்ச நாள்' கணக்குல இருந்து எடுத்துடுங்க.

இதே விதியை மேட்டூர் அணை நீர்மட்டத்துக்குப் போட்டுடாதீங்க. முழுக் கொள்ளளவு 120 அடி. ஒரு நாள் வரி இல்லைன்னு பூஜ்யம் போட்டா, அணை ஒரே நாள்ல வத்தின மாதிரி சார்ட் விழும். அங்கே நேத்தைய மட்டத்தைத் தொடரலாம், `ffill(limit=1)`, ஒரே ஒரு நாளுக்கு மட்டும்.

ஆத்துல ஓடுற தண்ணிக்கு அதுவும் செல்லாது. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, வெள்ளம் போயிட்டிருந்தப்ப முக்கொம்பு மேலணையில கொள்ளிடம் பக்க மதகுகள் உடைஞ்சது. ஸ்ரீரங்கம் தீவுக்கு ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். அப்படி ஒரு நாளுக்கு முந்தின நாள் எண்ணைத் தொடர்ந்தா, ரிப்போர்ட் முக்கியமான நாளையே மறைச்சிடும். அங்கே கோட்டை அறுந்தே விடுங்க. படிக்கிறவங்க 'இங்க என்ன ஆச்சு?'ன்னு கேட்கட்டும்.

அடுத்த எபிசோட்ல, ஒரே தேதி ரெண்டு தடவை வந்தா எதை வெச்சுக்கறதுன்னு பார்ப்போம்.