அந்த நான்கு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்



ராஜபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ ஒப்பந்தத்தில் தெருக் கூட்டிய ஒரு தோழர், ஓய்வு பெறும் நாளில் "22 ஆண்டு, 6 மாதம், 4 நாள் வேலை பார்த்தேன்" என்று பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 4 நாளுக்கு விலை உண்டு.

பணிக்கொடைக் கணக்குப்படி, ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு ஆண்டாகும். கடைசி மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்றால், 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்குங்கள். ஆண்டுக்கு 9,000 ரூபாய். 23 ஆண்டுக்கு 2,07,000. பதிவேட்டில் அந்த 4 நாள் விடுபட்டால் 22 ஆண்டுதான், 9,000 போயிற்று.

ஒப்பந்ததாரர் மாறும்போது சேர்ந்த தேதியையே புதிதாக எழுதிவிட்டால் மொத்தமும் போகும். தெரு அதே தெரு, துடைப்பம் அதே துடைப்பம். ஆனால் "ஐந்தாண்டு நிறையவில்லை" என்று கைவிரிப்பார்கள். பிறப்பைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தலையில் கட்டிய வேலைக்கு, ஆண்டுக்கணக்கு மட்டும் கிடையாதாம்!

சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, வைப்புநிதிப் பாஸ்புக் நகல்களை முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். சால்வை போட வருகிறவரிடம், பணிக்காலத்தை நாள் வரைக்கும் எழுதிக் கேளுங்கள்.