போட்டோவில் வந்த வேலைக் கடிதம்

(கடமலைக்குண்டில் நடந்த குடும்ப நல ஆலோசனைக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து வெளியே வரும்போது நம் ஊர் தம்பி ஒருவர் அத்தாவோடு வாசலில் காத்து நின்றார். துபாயில் ஒரு கிடங்கில் உதவியாளர் வேலை. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ அனுப்பியிருக்கிறார். "நாளை மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம் பாய், இதில் என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் அத்தா. அம்மா நகையை அடகு வைக்க மறுநாள் காலை ஆண்டிபட்டிக்குக் கிளம்ப இருந்தார். அந்தக் கடிதத்தோடு நாங்கள் இரண்டு இரவு உட்கார்ந்தோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

மொழிபெயர்ப்பதற்கு முன்னால் போட்டோவையே சரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில், மூன்றில் ஒன்றாம் பக்கம், மூன்றில் இரண்டாம் பக்கம் என்று போட்டிருந்தது. வந்ததோ இரண்டு படம். மூன்றாவது எங்கே என்று கேட்டால், "அதில் ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுகிற இடம்தான்" என்று பதில். வற்புறுத்திக் கேட்டு வாங்கினோம். லீவு, பணிக்கொடை, டிக்கெட், பிடித்தம் எல்லாம் அந்த மூன்றாம் பக்கத்தில்தான் இருந்தன. முதல் பக்கத்தில் படம் எடுத்தவரின் கட்டைவிரல் அடிப்படைச் சம்பளத்தின் மேல் விழுந்து ஓர் இலக்கத்தை மறைத்திருந்தது. 800 போலவும் தெரிந்தது, 900 போலவும் தெரிந்தது. இப்படி வரும்போது ஊகித்து எழுதிவிடக் கூடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கேள்விக்குறி போட்டுவிட்டு, தெளிவான பிரதி கேட்க வேண்டும். கம்பெனியிடம் அந்தக் கடிதம் பிடிஎஃப் கோப்பாகக் கட்டாயம் இருக்கும். அதை அனுப்புவதில் யாருக்கும் சிரமம் இல்லை. மறுநாள் வந்தது. 800 திர்ஹம்தான் என்று உறுதியானது.

எங்களிடம் வருவதற்கு முன்பே தம்பியின் தங்கை, கல்லூரியில் படிக்கிற பிள்ளை, அகராதியை வைத்து ஒரு நோட்டில் தமிழாக்கி வைத்திருந்தது. நல்ல முயற்சி. அதில் புரொபேஷன் என்ற சொல்லுக்கு "நன்னடத்தைக் காலம்" என்று இருந்தது. அகராதியில் அப்படியும் ஒரு பொருள் உண்டு. கோர்ட்டில் விடுவிக்கப்பட்டவர்களைக் கண்காணிக்கிற காலம் அது. அத்தா அதைப் படித்துவிட்டு, "என் பையன் மேல் என்ன கேஸ் இருக்கு?" என்று கேட்டாராம். வேலைக் கடிதத்தில் அது தகுதிகாண் காலம். ஆனால் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டதாலும் வேலை முடிந்துவிடவில்லை. அந்த ஆறு மாதத்தில் யார் யாரை எத்தனை நாள் அவகாசத்தில் அனுப்பலாம், யார் எதை இழப்பார் என்று எழுதினால்தான் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும்.

இந்தக் கடிதத்தில் புரொபேஷன் ஆறு மாதம். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி ஆறு மாதம்தான் உச்ச வரம்பு. அதே முதலாளியிடம் இரண்டாம் முறை தகுதிகாண் காலம் வைக்க முடியாது. ஆகவே கால அளவு சரி. அடுத்த வரிதான் சரியில்லை. அந்தக் காலத்தில் கம்பெனி "முன்னறிவிப்பின்றி" நீக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். சட்டப்படி குறைந்தது 14 நாள் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். தொழிலாளிக்கும் அதே போலக் கடமை உண்டு. வேலை பிடிக்காமல் ஊருக்குத் திரும்புவதானால் 14 நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கேயே வேறு கம்பெனிக்குப் போவதானால் ஒரு மாதம் முன்பு சொல்ல வேண்டும். சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டால் ஓர் ஆண்டுக்கு அங்கே மறுபடி வேலை அனுமதி கிடைக்காது. நம் பிள்ளைகள் பலர் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த ஓர் ஆண்டு அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இன்னொன்றும் அந்தப் பத்தியில் இருந்தது. தகுதிகாண் காலத்தில் விலகினால் விசாச் செலவைத் தொழிலாளி திருப்பிக் கட்ட வேண்டுமாம். ஆள் எடுக்கிற செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். வேறு கம்பெனிக்கு மாறினாலும் பழைய முதலாளியின் செலவைத் தர வேண்டியவர் புதிய முதலாளிதான். இந்த வரியைத் தமிழில் எழுதும்போது ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தோம்.

நோட்டீஸ் பீரியட் 30 நாள் என்பதை அந்தப் பிள்ளை, "30 நாள் முன்பு அறிவிப்பு தரப்படும்" என்று எழுதியிருந்தது. படித்தவர்கள், கம்பெனிதான் நமக்குத் தரும் என்று புரிந்துகொண்டார்கள். ஆங்கிலத்தில் இருந்தது 'இரு தரப்பில் எவரும்' என்று. யார் என்பது விழுந்துபோனால் பொருளே மாறிவிடுகிறது. தகுதிகாண் காலம் முடிந்த பிறகு கம்பெனி அனுப்பினாலும் 30 நாள், தம்பி விலகினாலும் 30 நாள். அந்த நாட்களில் வேலை செய்தால் முழுச் சம்பளம் உண்டு. செய்யாமல் கிளம்பினால் விடுபட்ட நாட்களுக்கான சம்பளத்தை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். சட்டம் 30 முதல் 90 நாள் வரை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. 90 நாள் என்று எழுதிய கடிதம் வந்தால் கையெழுத்துக்கு முன் ஒரு முறை யோசியுங்கள். வேறு நல்ல வேலை கிடைத்தாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டி வரும்.

லீவு ஆண்டுக்கு 30 நாள். தங்கையின் நோட்டில் "30 வேலை நாள்" என்று இருந்தது. கடிதத்தில் இருந்தது நாட்காட்டி நாள். வாரம் ஒரு நாள் ஓய்வு உள்ள வேலை என்றால் 30 வேலை நாள் என்பது ஐந்து வாரம். நாட்காட்டி நாள் என்றால் நாலு வாரமும் இரண்டு நாளும்தான், வார ஓய்வும் அதற்குள்ளேயே கழியும். தங்கையின் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிற வீட்டில் இந்த வித்தியாசம் சிறியதல்ல. ஆறு மாதம் முடித்து ஓர் ஆண்டு முடிக்காதவருக்கு மாதத்துக்கு இரண்டு நாள் கணக்கு. உடம்பு சரியில்லை என்றால் என்ன என்று அம்மா கேட்டார். தகுதிகாண் காலத்தில் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கிடையாது. அது முடிந்த பிறகு ஆண்டுக்கு 90 நாள் வரை உண்டு. அதில் முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதிக்கு ஒன்றுமில்லை.

இனி பணம். இங்கே எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வீட்டுக்கு இதே போன்ற கடிதத்தை நாங்கள்தான் படித்துச் சொன்னோம். கிராஜுவிட்டி என்பதை "ஆண்டுக்கு 21 நாள் சம்பளம்" என்று சொல்லிவிட்டோம். எந்தச் சம்பளம் என்று சொல்லவில்லை. அவர்கள் கைக்கு வருகிற மொத்தத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கியிருந்தார்கள். ஆள் திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஏறக்குறைய பாதி. அவர்கள் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

இந்தத் தம்பியின் கணக்கையே பாருங்கள். மொத்தம் 1,400 திர்ஹம். அதில் அடிப்படைச் சம்பளம் 800, தங்குமிடப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் சேர்ந்து 600. பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். 800-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 560 திர்ஹம். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு 1,120. மொத்தச் சம்பளத்தை வைத்துப் போட்டால் 1,960 வரும், அது கிடைக்காது. ஓர் ஆண்டு முடியாமல் வந்தால் பணிக்கொடையே இல்லை. எடுக்காமல் விட்ட லீவுக்கு விலகும்போது தருகிற காசும் அடிப்படைச் சம்பளக் கணக்குத்தான். ஆகவே சம்பளம் பேசும்போது மொத்தம் எவ்வளவு என்பதோடு, அதில் அடிப்படை எவ்வளவு என்றும் கேளுங்கள்.

இப்போது சொல்லப் போவதைத் தெரிந்திருந்தால் எங்களுக்கு ஓர் இரவு மிச்சமாகியிருக்கும். கம்பெனித் தலைப்பில் அடித்து வருகிற கடிதம் வேறு, அமீரகத்தின் மனிதவள அமைச்சகப் படிவத்தில் வருகிற வேலை வாய்ப்புக் கடிதம் வேறு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஆணைப்படி, தொழிலாளி அங்கே போவதற்கு முன்பே அமைச்சகப் படிவத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். பிறகு பதிவாகும் ஒப்பந்தம் அதற்கு மாறாக, தொழிலாளிக்கு நட்டமாக இருக்கக் கூடாது. அந்தப் படிவம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற மூன்றாவது மொழியிலும் உண்டு. அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

தம்பி ஏஜென்டிடம் அதைக் கேட்டார். முதலில் "அதெல்லாம் அங்கே போனதும்" என்றார்களாம். அங்கே போனதும் என்பதுதான் பயம். இங்கே ஒரு தொகைக்குச் சம்மதித்து ஏறுகிறவர், அங்கே இறங்கியதும் வேறு காகிதத்தில் கையெழுத்துப் போட நேரும்போது திரும்பி வர வழியில்லாமல் நிற்கிறார். அத்தா பிடிவாதமாக நின்றார். மத்தியானக் கெடு தாண்டியது, வேலை போய்விடவில்லை. ஐந்தாம் நாள் தமிழோடு கூடிய படிவம் வந்தது. சம்பளம் அதே 800, 600. விசாச் செலவு வரி அதில் இல்லை. முன்னறிவிப்பில்லாமல் நீக்கலாம் என்ற வரியும் இல்லை. தம்பி அதில் கையெழுத்திட்டார். கம்பெனித் தலைப்பில் வந்த கடிதத்தில் இதுவரை கையெழுத்துப் போடவில்லை. நகை விஷயத்திலும் ஒரு நன்மை: நம் நாட்டில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் என்று தெரிந்ததும், அதற்கு மேல் கேட்ட தொகைக்கு ரசீது கேட்டார்கள். அந்தத் தொகை பிறகு பேச்சில் வரவில்லை. முகவர் பதிவு பெற்றவரா என்பதை emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம்.

ஒரு வரம்பைச் சொல்லிவிடுகிறோம். மேலே சொன்ன கணக்கெல்லாம் அமீரகத்தில் தனியார் கம்பெனி வேலைக்கு. வீட்டு டிரைவர், வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கேயே தனிச் சட்டம். சவுதி, கத்தார், குவைத் ஒவ்வொன்றுக்கும் நாட்களும் கணக்கும் வேறு. இந்தக் கடிதத்தின் எண்களைக் கொண்டுபோய் அந்தக் கடிதத்தில் பொருத்தாதீர்கள்.

நாங்கள் எழுதித் தருகிற தமிழ் கேள்வி கேட்பதற்கு மட்டுமே. அதில் யாரும் கையெழுத்திட வேண்டாம், அதை எங்கும் காட்டவும் வேண்டாம். கடிதம் வந்தால் எல்லாப் பக்கங்களையும், முடிந்தால் பிடிஎஃப் கோப்பாகவே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வருசநாடு, மயிலாடும்பாறைப் பக்கம் இருப்பவர்கள் முன்கூட்டி ஆள் சொல்லி அனுப்பினால் அஸருக்குப் பிறகும் உட்காருகிறோம். கையெழுத்துக் கெடுவுக்கு முந்தின இரவு வராமல், இரண்டு நாள் முன்பே வாருங்கள். வஸ்ஸலாம்.