முதல் இணையதளம்: வடிவமைப்பாளரிடம் என்ன சொல்வது?

(சங்கத்தின் வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பினாங்கில் எங்கள் அத்தா தொடங்கிய பிரியாணி கேட்டரிங் தொழிலைச் சகோதரர்கள் மூவரும் சேர்ந்து நடத்தி வருகிறோம். கடைக்கு இணையதளம் அமைக்கத் தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர்களிடம் இரண்டு முறை வேலை கொடுத்தோம். முதல் முறை பணம் வீணாயிற்று. இரண்டாம் முறை வேலை கைகூடியது. இரண்டுக்கும் நடுவே மாறியது நாங்கள் வேலை சொன்ன விதம்தான். இன்று அதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் வந்தவர் நல்ல கைத்திறன் உள்ள இளைஞர். அவரிடம் நாங்கள் சொன்னது ஒரே வாக்கியம்: “தம்பி, பெரிய ஹோட்டல்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி அழகாகச் செய்து கொடுங்கள்.” அவரும் அப்படியே செய்தார். தளத்தைத் திறந்தால் பெரிய பெரிய படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். உணவுப் பட்டியல் முழுவதும் ஒரே படம். கைப்பேசியில் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும். விலை எங்கும் இல்லை. ஹலால் முத்திரையைக்கூட இணையத்தில் எங்கோ எடுத்து ஒட்டியிருந்தார். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் தொலைபேசியில் பழைய கேள்விகளே வந்துகொண்டிருந்தன.

மறு ஆண்டு, நோன்புப் பெருநாளுக்குப் பிறகு திருமணங்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் தளமே காணாமல் போயிற்று. டொமைன் பெயரை அவர் தம் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவருக்குப் போனது. அவரோ வேறு வேலைக்குப் போய்விட்டார். எங்கள் வேனிலும் விலாசச் சீட்டிலும் அச்சடித்திருந்த முகவரி வெறும் எழுத்தாகிவிட்டது. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. யார் பெயரில் பதிவு செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லையே!

இரண்டாம் முறை வந்தவர் ஒரு மலாய்ச் சகோதரி. எந்த நிறம் வேண்டும், எத்தனை படம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. “கடைக்கு போன் செய்கிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்?” என்று கேட்டார். ஆளுக்கு ஒரு பதில் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, தொலைபேசி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து இரண்டு வாரம் எழுதி வரச் சொன்னார்.

எழுதிப் பார்த்ததும் எங்களுக்கே வியப்பாக இருந்தது. கேள்விகள் சுற்றிச் சுற்றி ஐந்துதான். தலைக்கு என்ன விலை? குறைந்தது எத்தனை பேருக்குச் செய்வீர்கள்? பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாமுக்குக் கொண்டு வருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா? ஹலால் சான்றிதழ் இருக்கிறதா? குறிப்பிட்ட தேதி காலியா? கடையின் வரலாற்றை ஒருவரும் கேட்கவில்லை. முதல் தளத்தின் முகப்பிலோ அதுதான் இருந்தது.

அந்த நோட்டை வைத்து இரண்டு பக்கத்தில் வேலைக் குறிப்பு ஒன்று எழுதினோம். அதன் முதல் வரி இது: “விருந்து வைக்கப் போகிறவர் கைப்பேசியில் தளத்தைத் திறந்து, விலையைத் தெரிந்துகொண்டு, தேதி, ஆட்கள், இடம் மூன்றையும் எங்களுக்கு அனுப்ப வேண்டும்.” இந்த வரி இருந்ததால் எத்தனை பக்கம் வேண்டும் என்ற கேள்விக்குத் தானாகவே விடை கிடைத்தது: முகப்பு, விலைப்பட்டியல், கொண்டு வரும் இடங்கள், விசாரணைப் படிவம். நான்கு போதும். ஆன்லைனில் பணம் கட்டும் வசதி இப்போது வேண்டாம் என்பதையும் எழுதிவிட்டோம். வேண்டாததை எழுதாவிட்டால், பாதி வேலையில் ஒருவருக்கு ஆசை வரும். அதற்குக் கூலி யார் கொடுப்பது என்று சச்சரவும் வரும்.

அடுத்து, நாங்கள் கொடுக்க வேண்டியவை. தளம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் வடிவமைப்பாளர் அல்லர். எழுத்தும் படமும் கொடுக்காமல் இழுத்தடிக்கும் நாம்தான். யார் எதை எந்தத் தேதிக்குள் கொடுப்பது என்று எழுதிக் கையெழுத்திட்டோம். எங்கள் தேக்சாவில் வெந்த பிரியாணியையே படம் எடுத்தோம். ஹலால் சான்றிதழின் நகலை நாங்களே கொடுத்து, அதில் உள்ளதைத் தவிர வேறு முத்திரை எதுவும் கூடாது என்றோம். படிவத்தில் வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் வாங்குகிறோம் அல்லவா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன்படி, அவற்றை எதற்கு வாங்குகிறோம் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அதையும் குறிப்பில் சேர்த்தோம்.

தமிழ்ப் பக்கத்துக்குத் தனிக் கவனம் தேவைப்பட்டது. அந்தச் சகோதரிக்குத் தமிழ் தெரியாது. பழைய அச்சுக் கோப்பிலிருந்து நகல் எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்து சிதைந்துவிடும். அது அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்தே கொடுத்தோம். தளத்தில் ஏற்றிய பிறகு எங்களில் ஒருவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்ததாகக் கணக்கு.

இன்னொன்றும் கேட்டோம். ஆட்டிறைச்சி விலை ஏறினால் எங்கள் விலையும் ஏறும். ஒவ்வொரு முறையும் அவரைத் தேடிப் போக முடியாது. ஆகவே விலைப்பட்டியல் படமாக இருக்கக் கூடாது. எழுத்தாக இருக்க வேண்டும். அதை நாங்களே மாற்ற வழி வேண்டும். மாற்றுவது எப்படி என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கூலியை மூன்றாகப் பிரித்தோம்: தொடக்கத்தில் 30 விழுக்காடு, வடிவத்தை ஒப்புக்கொண்டதும் 40, சோதனையில் தேறியதும் 30. திருத்தம் இரண்டு முறை. அதற்கு மேல் கேட்டால் தனிக் கூலி. இது அவருக்கும் நியாயம்.

அந்தச் சோதனை என்ன தெரியுமா? எங்கள் மாமியிடம் கைப்பேசியைக் கொடுத்து, “200 பேருக்கு வலிமா, இடம் புக்கிட் மெர்தாஜாம். விலையைப் பார்த்து விசாரணை அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றோம். யாரும் உதவக் கூடாது என்பது விதி. மாமி விலையைக் கண்டுபிடித்துவிட்டார். வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தினார், திறக்கவில்லை. எங்கள் எண்ணை 012 என்றே இணைப்பில் போட்டிருந்தார்கள். அங்கே நாட்டுக் குறியீட்டோடு 6012 என்று இருக்க வேண்டும். வடிவமைப்பாளரின் மேசையில் இது தெரியவில்லை. மாமியின் விரலில் தெரிந்தது. திருத்திய பிறகு மறுபடியும் மாமியை அழைத்தோம். விசாரணை எங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுத்தோம்.

கடைசியாகச் சாவி. டொமைன் பெயரையும் ஹோஸ்டிங் கணக்கையும் கடையின் மின்னஞ்சலில், எங்கள் பணத்தில் நாங்களே வாங்கி, வேலை செய்யும் அனுமதியை மட்டும் அவருக்குக் கொடுத்தோம். .com.my பெயருக்கு வணிகப் பதிவு விவரம் கேட்பார்கள். அதனால் அது நிறுவனத்தின் பெயரிலேயே வந்தது. புதுப்பிக்க வேண்டிய தேதியைக் கடை லைசென்ஸ் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். கடை வாடகைப் பத்திரத்தைப் பெயிண்டர் பெயரில் எழுதுவோமா? இதுவும் அப்படித்தான்.

உங்களில் முதல் தளம் அமைக்கப் போகிறவர்கள் வடிவமைப்பாளரைத் தேடுமுன் தொலைபேசி பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். எங்கள் இரண்டு பக்கக் குறிப்பின் நகலைக் கொண்டு வந்திருக்கிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.