படத்தில் பார்த்த விளக்கும் மண்டபத்தில் எரிந்த விளக்கும்

(குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

ஒரே வருடத்தில் நம் மண்டபத்திற்கு ஏன் இரண்டு முறை விளக்கு வாங்கினீர்கள் என்று பலரும் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கு நோட்டு மேஜையில் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். தவறு எங்களுடையது. செல்போனில் வந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அழகாகத் தெரிந்ததை வாங்கிவிட்டோம். வீட்டு ஹாலுக்கு விளக்கு வாங்கப்போகும் குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். அதனால் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

நம் மண்டபம் 30 அடி நீளம், 20 அடி அகலம், சீலிங் 11 அடி உயரம். முதலில் வாங்கியது மூன்று வளையம் கொண்ட சரவிளக்கு. படத்தில் பளபளவென்று இருந்தது. மாட்டிய பிறகு நடந்த முதல் நிக்காஹ்விலேயே தெரிந்துவிட்டது. பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருந்த வயதான உம்மாமார்கள் துப்பட்டியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியம்மா எங்களைக் கூப்பிட்டு, "வாப்பா, அந்த லைட்டை அமத்துனா போதும், இருட்டுலயே இருந்துக்குறோம்" என்றார்கள். கண்ணில் புரை உள்ளவர்களுக்கு வெளிச்சம் கண்ணுக்குள் சிதறும். நமக்குச் சாதாரணமாகத் தெரிவது அவர்களுக்கு முகத்தில் அடிப்பதுபோல் இருக்கும்.

கூச்சம் படத்தில் ஏன் தெரியவில்லை? எரிகிற விளக்கை எடுக்கும்போது செல்போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. நம் கண் அப்படிச் சமாளிப்பதில்லை. கடைக்காரர் படம் எடுப்பது நின்றுகொண்டு, தூரத்திலிருந்து. நாமோ பாயில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்கக் கொஞ்சம் தலையை நிமிர்த்துகிறோம். அப்போது விளக்கு நேராகக் கண் எதிரே வந்துவிடுகிறது.

இரண்டாவது முறை கடைக்கே போய் நாங்களே படம் எடுத்தோம். உட்கார்ந்த கண் மட்டத்திற்குக் குனிந்து எடுத்தோம். செல்போன் திரையில் எரியும் விளக்கின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியப் படத்தைக் கீழே இழுத்தால் படம் இருட்டாகிக்கொண்டே போகும். விளக்கின் முகம் மட்டும் தெரியும் அளவுக்கு இருட்டாக்கிப் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகளாக எல்.இ.டி. தெரிந்தால் அது கண்ணைக் குத்தும் விளக்கு. பால்கண்ணாடி போல முகம் முழுதும் ஒரே சீராகத் தெரிந்தால் கூச்சம் குறைவு. எங்கள் பழைய சரவிளக்கை அப்படி எடுத்தபோது மணி கோத்தாற்போல் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன.

செல்போன் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. உட்கார்ந்தபடி நேரே பார்த்துக்கொண்டு, விளக்கு மட்டும் மறையும்படி கையை நெற்றிக்கு மேல் பிடியுங்கள். கண்ணுக்கு நிம்மதியாக இருந்தால் அந்த விளக்கு கூசுகிறது என்று அர்த்தம்.

அடுத்து வெளிச்சத்தின் நிறம். இதில் படம் இன்னும் மோசமாக ஏமாற்றும். எந்த வெளிச்சத்திலும் வெள்ளைச் சுவர் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று செல்போன் நிறத்தைத் திருத்திவிடுகிறது. மஞ்சள் விளக்கின் படத்தில் மஞ்சள் குறையும், நீல வெள்ளை விளக்கின் படத்தில் நீலம் குறையும். இரண்டு படமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் சரவிளக்கு படத்தில் இதமாகத்தான் தெரிந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. அந்த வெளிச்சத்தில் மாப்பிள்ளை முகம் காய்ச்சலில் எழுந்து வந்தவர் போல இருந்தது.

ஆகவே நிறத்துக்குப் படத்தை நம்பாதீர்கள், பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 4000 என்றால் மஞ்சளும் இல்லாத, நீலமும் இல்லாத வெள்ளை. 6500 நீல வெள்ளை. எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குளிர்ந்துகொண்டே போகும். எண்ணுக்கும் வெளிச்சத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை. படத்தில்தான் ஒப்பிட வேண்டும் என்றால், இரண்டு விளக்கையும் ஒரே நேரத்தில் எரியவிட்டு, இரண்டும் ஒரே படத்தில் விழும்படி, நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரே படத்துக்குள் செல்போன் இரண்டையும் தனித்தனியாகத் திருத்த முடியாது. வித்தியாசம் அப்படியே தெரிந்துவிடும்.

மூன்றாவது அளவு. கடைப் படத்தில் விளக்கைச் சுற்றி வெள்ளையைத் தவிர வேறெதுவும் இருக்காது. அது தட்டு அளவா, தாம்பாளம் அளவா என்று எப்படித் தெரியும்? ஒற்றைச் சரவிளக்குக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டி, அந்த எண்ணை அங்குலமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் மண்டபத்துக்கு 50 அங்குலம் வருகிறது. நாங்கள் வாங்கியது 24 அங்குலம். சட்டையில் பொத்தான் தைத்ததுபோல் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. 14 அடிக்கு 12 அடி வீட்டு ஹால் என்றால் 26 அங்குலம் வரும். அங்கே அதே விளக்கு பொருந்தியிருக்கும். ஆனால் தொங்கும் விளக்கின் அடிப்பாகம் தரையிலிருந்து 7 அடிக்கு மேல் இருக்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த முறை செய்தித்தாளை விளக்கின் அளவுக்கு வெட்டி, அட்டையில் ஒட்டி, நூல் கட்டித் தொங்கவிட்டு வாசலில் இருந்து படம் எடுத்தோம். மின்விசிறியின் இறக்கை வீச்சு 48 அங்குலம் என்று நமக்குத் தெரியும். அதன் பக்கத்தில் பார்த்தால் அளவு உடனே புரிந்துவிடுகிறது.

மின்விசிறி என்றதும் இன்னொன்று. கடைப் படம் எதிலும் மின்விசிறி இருக்காது. நம் ஹால் எதிலும் மின்விசிறி இல்லாமல் இருக்காது. சுழலும் இறக்கைக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் தரையெல்லாம் நிழல் வெட்டி வெட்டி ஓடும். மாலை டியூஷன் பிள்ளைகள் அதில் படிக்கவே முடியாது. இறக்கை நுனியிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி விளக்கு இருந்தால் நிழல் தூரத்தில் போய் விழும், மற்ற விளக்குகளின் வெளிச்சத்தில் மங்கிவிடும்.

இப்போது நீங்கள் பார்ப்பது இரண்டடிச் சதுரத்தில், பால்வெள்ளை முகம் கொண்ட 36 வாட் விளக்குகள் ஆறு, எல்லாம் 4000 கெல்வின். சுவரில் உள்ள நான்கும் 3000. அவை மேல்நோக்கி எரிவதால் சுவரும் சீலிங்கும்தான் ஒளிரும், பல்பு கண்ணில் படாது. இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். டியூஷனுக்கு மேல் விளக்கு மட்டும், பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் நேரத்தில் சுவர் விளக்கு மட்டும். படத்தில் இவை சப்பென்றுதான் இருந்தன. கமிட்டியில் இரண்டு பேர் இவை வேண்டாம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பழைய சரவிளக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். மூன்றில் ஒரு பங்கு பணம்தான் கிடைத்தது. மீதியை டிரஸ்ட் பணத்தில் எழுதாமல், வாங்கப் போன நாங்கள் ஐந்து பேரும் பகிர்ந்து கட்டியிருக்கிறோம். அதுவும் அந்த நோட்டில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் சுவர் விளக்கை மட்டும் எரியவிடுகிறோம். பின்வரிசையில் இருக்கும் உம்மாமார்கள் கண் கூசுகிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.