ஒரு நோயாளியை வைத்து எவ்வளவு சொல்லலாம்?



இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரை வரைவுகளைப் படித்தேன். நாலில் மூன்றுக்கு ஒரே தலைப்பு போட்டிருக்கலாம்: ‘சிறுதானியத்தால் சர்க்கரை குறைந்தது.’ குறைந்திருக்கலாம்தான். ஆனால் எதனால் குறைந்தது என்பதைச் சொல்லும் பொறுப்பு எழுதுபவருக்கு இருக்கிறது. அந்தப் பொறுப்பைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன்.

நான் வகுப்பில் பயன்படுத்தும் ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். உண்மையான ஆள் அல்ல, பாடத்துக்காக நானே உருவாக்கியவர். 46 வயதுப் பெண், ஐந்து வருடமாக நீரிழிவு, மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் காலையும் இரவும். மூன்று வேளையும் சோறு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு உடனே டீ. முதல் நாள் ஹீமோகுளோபின் 8.4, ஃபெரிட்டின் 7, மூன்று மாதச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 8.8. வெறும் வயிற்றில் சர்க்கரை 162, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 248. இரவுச் சோற்றுக்குப் பதில் கேழ்வரகு, மாலையில் சுண்டல், டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது என்று உணவியல் நிபுணர் மாற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு வாரம் கழித்து ஹெச்பிஏ1சி 7.6. உடனே வரைவு தயாராகிவிட்டது.

இப்போது அதே வரைவைக் காலவரிசையாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் தொடங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் ஹீமோகுளோபின் 11.2. வெறும் வயிற்றுச் சர்க்கரை 154, சாப்பிட்ட பிறகு 238. எடை அரைக்கிலோ குறைந்திருக்கிறது, மெட்ஃபார்மின் மாறவில்லை. ஹெச்பிஏ1சி 8.8 என்றால் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 206, 7.6 என்றால் 171. கணக்குப்படி 35 குறைய வேண்டிய இடத்தில், விரலில் குத்திப் பார்த்த அளவுகள் எட்டும் பத்தும்தான் குறைந்திருக்கின்றன.

இரண்டு கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை? இரும்புச்சத்துக் குறைபாட்டில் புதுச் சிவப்பணுக்கள் உருவாவது மந்தமாகிறது. இரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடுகிறது. அவை அதிக நாள் சர்க்கரையோடு இருந்தவை, அதனால் ஹெச்பிஏ1சி உண்மை நிலையைவிடக் கூடுதலாகக் காட்டும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் இளம் அணுக்கள் பெருகுகின்றன. எண் இறங்குகிறது, சர்க்கரை இறங்காமலேயே. இந்த நோயாளியிடம் நடந்ததில் பெரும்பங்கு இதுவாக இருக்கலாம். கேழ்வரகுக்கு எவ்வளவு பங்கு என்று இந்த ஒருவரை வைத்துச் சொல்ல வழியில்லை. ஃபெரிட்டின் பார்க்காமல் விட்டிருந்தால் இரத்தசோகைக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைபாடுதானா என்றுகூடச் சொல்லியிருக்க முடியாது. தலசீமியாக் கூறு உள்ளவருக்கும் ஹீமோகுளோபின் குறையலாம்.

ஆக அறிக்கையின் தலைப்பே மாறுகிறது: ‘இரும்புச்சத்துச் சிகிச்சையின்போது ஹெச்பிஏ1சி குறைந்த நீரிழிவு நோயாளி: ஒரு நோயாளர் அறிக்கை.’ பத்திரிகை ஆசிரியர் இது ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம். அனுப்பட்டும். இருந்தாலும் நம் தொழிலுக்கு, முதல் வரைவைவிட இதுவே பயன்படும்.

உணவுப் பதிவிலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. ‘சோறு இரண்டு கப்’ என்று எழுதினால் போதாது. எந்தக் கப், சமைத்த எடையா அரிசி எடையா என்பது வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுக் கலவை அட்டவணையில் அரிசியின் மதிப்பு சமைக்காத அரிசிக்கு உரியது. அதைவிட முக்கியம், அது ரேஷன் அரிசியா கடை அரிசியா என்பது. ரேஷன் அரிசி செறிவூட்டியதாக இருக்கலாம். செறிவூட்டிய அரிசிக்கு உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் வைத்திருக்கும் அளவு, கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுகிறவருக்கு அதிலிருந்தே எட்டு முதல் பதின்மூன்று மில்லிகிராம் வரை போய்ச் சேரும். சுண்டலைப் புகழ்வதற்கு முன் ரேஷன் கார்டைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒப்புதலுக்கு வருகிறேன். நோயாளர் அறிக்கைக்காக 2013-இல் வெளியான கேர் நெறிமுறை பதின்மூன்று அம்சங்களைக் கேட்கிறது. நம்மில் பலர் கடைசி இரண்டையும் வெறும் படிவமாக நினைக்கிறோம்: நோயாளியின் பார்வை, நோயாளியின் ஒப்புதல்.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பது பெரிய நகரத்தில் வேண்டுமானால் ஓரளவு செல்லும். ‘கீரமங்கலத்தில் பூ வியாபாரம் செய்யும் 46 வயதுப் பெண், இரண்டு மகன்கள் சிங்கப்பூரில்’ என்று எழுதினால் ஊரே யாரென்று சொல்லிவிடும். ஊரும் தொழிலும் அறிக்கைக்குத் தேவையா? தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள். மறைக்கிறேன் என்று வயதையும் தொழிலையும் மாற்றி எழுதாதீர்கள். அது தரவைத் திரிப்பது.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். சிகிச்சைக்குத் தரும் ஒப்புதல் வேறு, வெளியிடுவதற்குத் தரும் ஒப்புதல் வேறு. மறுத்தாலும் வைத்தியம் குறையாது என்பதை அந்த அம்மாவிடம் வாயால் சொல்லுங்கள். ‘அம்மா, இது இணையத்தில் வரும், யாரும் படிக்கலாம், வந்த பிறகு முழுசா திருப்பி எடுக்க முடியாது, பெயர் போடாவிட்டாலும் தெரிந்தவர் கண்டுபிடிக்கலாம்’ என்று இதே வார்த்தைகளில் சொன்னாலும் சரிதான். படிக்கத் தெரியாதவர் என்றால் வரைவை வாசித்துக் காட்டி, சாட்சி முன்னால் கைரேகை வாங்குங்கள். எழுதி முடித்துவிட்டு நோயாளியைத் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் அவர் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டுக்குப் போயிருப்பார். உங்கள் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு என்ன கேட்கிறது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நோயாளியின் பார்வையை அவர் சொல்லில் எழுதுங்கள். நம் மாதிரி அம்மா என்ன சொல்லியிருப்பார்? ‘எனக்கு மட்டும் கேழ்வரகுன்னா வீட்டுல ராத்திரி ரெண்டு அடுப்பு. ஒரு மாசத்துக்கு மேல முடியல.’ இந்த ஒரு வரி, உணவு மாற்றம் பன்னிரண்டு வாரமும் நடக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. எந்த ஆய்வுக்கூட அறிக்கையிலும் இது வராது.

தெரிந்ததற்கு மேல் சொல்லாமல் எல்லை வகுத்து எழுதியவர்களுக்கு நம் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928-இல் பம்பாய் வந்து, கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார்; குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னை கோஷா மருத்துவமனையிலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்ததும் நோயாளிகள் தேறினார்கள். 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டபோது, குணப்படுத்தும் பொருள் ஒன்று அதில் இருக்கிறது என்ற அளவில் நின்றார். அது எந்தப் பொருள் என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஃபோலிக் அமிலம் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு அந்தப் பெயர் பெற்றது 1941-இல். அவர் அவசரப்பட்டு ஒரு வைட்டமின் பெயரைச் சூட்டியிருந்தால் பத்து வருடம் எல்லோரும் வேறு திசையில் போயிருப்பார்கள்.

முதல் அமர்வில் ஐந்து வரைவுகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் படிப்பதற்கு முன் காலவரிசைத் தாளை மேசையில் வையுங்கள். மாத்திரைகளும் அதில் இருக்கட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.