கடைக்காரருக்கு ஒரு கடிதம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற சாதாரணத் தோட்டப்பள்ளி ஆசிரியன். வாணிபம் படித்தவனல்லன். ஆனாலும் இவ்வாண்டு எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் செய்த சந்தைப் பாடத்தில் ஒரு சிறு காரியத்தை நானும் அவர்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். ஒரு கடைக்காரரிடம் பேட்டி கேட்டு எப்படி எழுதுவது என்பதுதான் அது. சின்ன விஷயமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பாடம் இதுதான். 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு இந்த மலையில் நம்மவர்கள் கொழுந்து பறித்து வருகிறார்கள். ஆனால் பறித்த இலை பொட்டலமாகித் தானா ராத்தா பெரிய சாலையில் ஒரு கடையின் தட்டில் ஏறிய பிறகு அதை யார் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு, பள்ளிச் சந்தை நாளில் தாங்களே தேயிலைப் பொட்டலம் விற்றுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காகச் சுற்றுப்பயணிகளுக்குத் தேயிலை, தேன், ஸ்ட்ராபெரி ஜாம் விற்கும் நம்மவர் கடை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

முதல் செய்தியைப் பையன்களே எழுதினார்கள். நான் சரியாகப் படித்துப் பார்க்கவில்லை. குற்றம் என்னுடையதே. என் கைத்தொலைபேசியிலிருந்து வாட்சாப்பில் போனது இதுதான்:

“வணக்கம் அங்கிள். நாங்க ஸ்கூல் புரோஜெக்ட் செய்றோம். உங்க வியாபாரத்தப் பத்தி பேட்டி வேணும். மாசம் எவ்வளவு விக்கிது, எவ்வளவு லாபம், யாரெல்லாம் வாங்குறாங்கன்னு சொல்லணும். நாளைக்கு வரலாமா? அவசரம்.”

அனுப்பியது சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தானா ராத்தா எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழேயிருந்து வந்த வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். கடையில் நிற்க இடமிருக்காது. இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை, திங்களும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் சாமான் வாங்கப் போனபோது அவரே கேட்டார்: “வாத்தியாரே, அது உங்க பள்ளிக்கூடமா? நம்பரு தெரியல, பேரும் இல்ல. எடுத்ததுமே லாபம் எவ்வளவுன்னு கேட்டா நான் என்ன நெனைக்கிறது? வரி ஆபீசுல இருந்து எவனோ ஆழம் பாக்குறான்னு நெனச்சேன். இல்லாட்டி ஏமாத்துறவன். இப்பத்தான் தெனம் ஒண்ணு வருதே.”

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பாடம் முழுவதும் அடங்கியிருந்தது. நாம் யார் என்று சொல்லவில்லை. எதற்கு என்று சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் தம் சொந்த மனைவியிடம்கூடச் சொல்லாத கணக்கை முதல் வரியிலேயே கேட்டுவிட்டோம்! போதாக்குறைக்கு ‘அவசரம்’ என்று வேறு எழுதினோம். அவசரம் நமக்கு, அவருக்கென்ன?

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். திரும்பவும் எழுதுவோம் என்றதும் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அந்தக் கடை வேணாம், வேற கடைக்குப் போவோம்” என்றாள். வகுப்பிலேயே அழகாக எழுதுகிற பிள்ளை அவள். காரணம் கேட்டதற்குச் சொல்லவில்லை. ஓய்வு நேரத்தில் தனியாக வந்து, “எங்க பாட்டிக்கு அங்க 555 கொப்பி இருக்குங்கய்யா” என்றாள்.

555 கொப்பியை அறியாத தோட்டத்துக் குடும்பம் உண்டா? சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சிறு கொப்பியில் அரிசி, சீனி, மாவுப்பால் எல்லாம் ஏறும். சம்பளம் போட்டதும் கோடு கிழிபடும். சில மாதம் கோடு பாதியில் நின்றுவிடும். அந்தப் பெண் பயந்தது இதற்குத்தான். “யாரெல்லாம் வாங்குறாங்க” என்று கூட்டாளிகள் கேட்டு, முதலாளி கொப்பியைத் திறந்துவிட்டால்?

நான் முதலில் வேறு கடைக்குப் போய்விடலாம் என்றுதான் எண்ணினேன். பிறகு, அந்த அச்சம் அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று என்று பட்டது. கடைக்காரருக்கும் அதே அச்சம்தானே? தம் கணக்கு வெளியே போய்விடுமோ என்று அவர் அஞ்சினார். பாட்டியின் கணக்கு வெளியே வந்துவிடுமோ என்று இவள் அஞ்சினாள். எதைக் கேட்போம் என்று எழுதுவது போலவே எதைக் கேட்கமாட்டோம் என்றும் எழுதிவிட்டால் இருவருக்கும் நிம்மதி. “அந்த வரியை நீயே எழும்மா” என்றேன். எழுதினாள். இரண்டாவது செய்தி இவ்வாறு அமைந்தது (பெயர்களை இங்கே விட்டுவிடுகிறேன்):

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு ஆசிரியர். சென்ற வாரம் பெயரில்லாமல் வந்த செய்தி எங்களுடையதே, பொறுத்தருள்க. சுற்றுப்பயணிகளுக்குத் தேயிலை எப்படி விற்கப்படுகிறது என்று எங்கள் மாணவர்கள் வகுப்பில் படித்து வருகிறார்கள். இதற்காகத் தங்களைக் கடையில் கண்டு 15 நிமிடம் பேச அனுமதி கேட்கிறோம். நானும் நான்கு மாணவர்களும் வருவோம். வரும் செவ்வாய் அல்லது புதன் பிற்பகல் 3 மணி தங்களுக்கு வசதிப்படுமா? வேறு நேரம் சொன்னாலும் வருகிறோம். பொருளை அடுக்கும் முறை, பொட்டலத்தின் அளவு, வாங்குவோர் கேட்கும் கேள்விகள் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே கேட்போம். வருமானம், லாபம், கடன் கணக்கு, வாடிக்கையாளர் பெயர் எதையும் கேட்க மாட்டோம். தாங்கள் சம்மதித்தால் மட்டுமே படம் எடுப்போம். வசதிப்படாவிட்டால் ‘இயலாது’ என்று ஒரு சொல் அனுப்பினால் போதும். நன்றி.”

இதில் சிலவற்றை விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். ‘அங்கிள்’ என்று நேரில் கூப்பிடலாம், தவறில்லை. எழுத்தில் ‘ஐயா’ என்பதே பொருத்தம். கடைக்காரர் சீனராக இருந்தால் செய்தியை மலாயில் எழுத வேண்டியிருக்கும். அப்போதும் வாயில் வருகிற ‘தவ்கே’யை எழுத்தில் போடாமல் ‘துவான்’ என்றோ ‘புவான்’ என்றோ தொடங்க வேண்டும். ‘டெங்கான் ஹொர்மாட்ஞா’ என்று பணிவாகக் கேட்பது மலாய்க் கடிதத்தின் வழக்கம்.

நேரத்தைப் பற்றிப் பையன்கள் நிறைய வாதிட்டார்கள். “உங்களுக்கு எப்போது வசதி?” என்று கேட்டால்தானே மரியாதை என்றார்கள். கேட்பதற்கு மரியாதைதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்க வேண்டிய செய்தியை மனிதர் ‘அப்புறம் பார்ப்போம்’ என்று ஒதுக்கிவிடுவார். நாமே இரண்டு நாளைக் குறித்துக் கொடுத்தால் ‘புதன்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். வார நாளில் பிற்பகல் 3 மணி என்பது சாப்பாட்டு நேரம் கழிந்து கடை ஓய்ந்திருக்கும் வேளை. நான்கு பேர் என்று வரையறுத்ததற்குக் காரணம், அந்தக் கடையின் நடுவழியில் அதற்கு மேல் நின்றால் ஒருவரும் உள்ளே வர முடியாது.

‘இயலாது’ என்று சொல்ல வழிவிட்டது சிலருக்குப் பிடிக்கவில்லை. “நாமே வேண்டாம்னு சொல்லச் சொல்லிக் குடுக்கிறோமே ஐயா” என்றான் ஒருவன். மறுக்க வழியில்லாதபடி கேட்டால் மனிதர் மறுக்க மாட்டார்; பதிலே சொல்லாமல் இருந்துவிடுவார். அதைத்தான் முதல் வாரம் கண்டோமே!

பதில் வராவிட்டால் மூன்று நாள் பொறுத்து ஒரேயொரு முறை நினைவூட்டுவது என்றும், அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுவது என்றும் முடிவு செய்திருந்தோம். அதற்கு அவசியம் ஏற்படவில்லை. அன்றிரவே “புதன் வாங்க” என்று வந்தது.

கேட்கப்போகும் ஐந்து கேள்விகளைச் செவ்வாயன்றே அனுப்பினோம். அதிலும் ஒரு திருத்தம் செய்தோம். “உங்கள் விற்பனை உத்தி யாது?” என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். புத்தகத்தில் இருக்கிற சொல். அதைக் கேட்டால் “உத்தியெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி” என்றுதான் பதில் வரும். அதை மாற்றி, “ஒரு குடும்பம் உள்ளே வந்ததும் முதலில் எந்தப் பொருளைக் கையில் எடுக்கிறார்கள்?” என்று கேட்கச் சொன்னேன். கண்ணால் கண்டதைக் கேட்டால் கடைக்காரர் வாய் திறப்பார்.

அப்படித்தான் நடந்தது. “எடுத்ததும் மூக்குக்கிட்ட கொண்டு போவாங்க” என்றார். “ஒட்டின பொட்டலத்துல என்ன வாசம் வரும்? அதனாலதான் ஒரு டப்பாவத் திறந்து வெச்சிருக்கேன். இந்த மலைக் காத்துல ஈரம் ஏறிப்போகும், வாசம் செத்துடும். அடிக்கடி கொட்டிட்டுப் புதுசு போடணும். அது நட்டந்தான். ஆனா அந்த டப்பாதான் விக்கிது.” சிறு பொட்டலங்களை மூன்று மூன்றாகக் கட்டி வாசலருகே வைத்திருந்தார். பேருந்தில் வருகிறவர்களுக்கு நேரம் இருக்காது, ஊரில் பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும், அதனால் பெரிய பொட்டலத்தை எடுக்க மாட்டார்கள் என்றார். இவையெல்லாம் ஒரு கடையின் அனுபவம் மட்டுமே. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வேறு விதமாக இருக்கலாம் என்று பிள்ளைகள் தங்கள் அட்டையிலும் எழுதி வைத்தார்கள்.

பதினைந்து நிமிடம் ஆனதும் நாங்களே எழுந்தோம். “அதுக்குள்ளயா?” என்றார். பிறகு, “கடன் கணக்கு கேக்க மாட்டோம்னு எழுதுனது யாரு?” என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, “அந்த வரியப் பாத்துத்தான் வரச் சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

அன்று மாலையே நன்றி எழுதி அனுப்பினோம். சந்தை நாளில் எங்கள் மேசையிலும் ஒரு தேயிலை டப்பா திறந்தே இருந்தது. முடித்த அட்டையின் படி ஒன்றை அவரிடம் கொண்டு போய்க் கொடுத்தது அந்த மாணவிதான். தானே போகிறேன் என்று கேட்டு, பாட்டியோடு போனாள்.